120 நாற்காலிக்கு எத்தனை பேரைப் பதியலாம்?

"நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து திருச்சியில் மாதம் ஒரு ஞாயிறு இலவச மாடித்தோட்டப் பயிற்சி நடத்துகிறோம். அரங்கில் 120 நாற்காலி. ஜூனில் 110 பேர் பதிந்து 61 பேர் வந்தார்கள். ஜூலையில் 140 பேருக்கு 63, ஆகஸ்டில் 120 பேருக்கு 74, செப்டம்பரில் 95 பேருக்கு 55, அக்டோபரில் 130 பேருக்கு 59. இவையெல்லாம் பட்டியலில் டிக் அடித்த பெயர்கள். பதியாமலே எட்டுப் பேராவது ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறார்கள். ஜூலையில் ஒரு மாதம் முன்பே பதிவைத் திறந்தோம், ஆகஸ்டில் ஒரு வாரம் முன்புதான். அக்டோபரில் காலையிலிருந்தே மழை, 40 சாப்பாட்டுப் பொட்டலம் மிஞ்சிவிட்டது. எப்படியும் பாதிப் பேர்தானே வருகிறார்கள், நவம்பருக்கு 240 பேரைப் பதிவோம் என்கிறார் நண்பர். பதியலாமா?"
— வாசகி, திருச்சி

240 வேண்டாம். நவம்பருக்கு 180 பேரோடு பதிவை மூடிவிடுங்கள். அதற்கு மேல் கேட்பவர்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள். அவர்களை என்ன செய்வது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் நண்பரின் கணக்கில் பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரிதான். சராசரியை எடுத்து வகுத்ததுதான் தப்பு. ஐந்து மாதத்தையும் கூட்டினால் 595 பேர் பதிந்து 312 பேர் வந்திருக்கிறார்கள், அதாவது 52 சதவீதம். சராசரி என்றாலே சில மாதம் அதற்கு மேலே போகும், சில மாதம் கீழே போகும். அதை வைத்து அரங்கு சரியாக நிரம்பும்படி பதிந்தால், ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கல்யாணச் சமையல்காரரிடம் சராசரியாக எத்தனை இலை விழும் என்று யாரும் கேட்பதில்லை. கூடிப்போனால் எத்தனை இலை விழும் என்றுதான் கேட்பார்கள். நாற்காலிக் கணக்கும் அதே மாதிரிதான்.

புத்தகக் கணக்கு எதுவும் இதற்கு வேண்டாம். உங்கள் ஐந்து மாதத்தையும் 240 பதிவோடு மறுபடி நடத்திப் பார்த்தால் போதும். ஜூனில் வந்தது 55 சதவீதம். அதே விகிதத்தில் 240 பேரில் 133 பேர் வருவார்கள், பதியாமல் வரும் எட்டுப் பேரையும் சேர்த்தால் 141. இப்படியே ஜூலை 116, ஆகஸ்ட் 156, செப்டம்பர் 147, அக்டோபர் 117. ஐந்தில் மூன்று மாதம் அரங்கு வழிந்திருக்கும். ஆகஸ்டில் 36 பேர் வெளியே நின்றிருப்பார்கள். ஜூலையிலும் மழை பெய்த அக்டோபரிலும் மட்டும் உங்கள் நண்பர் சொன்னது பலித்திருக்கும். அவருக்கு நினைவில் நிற்பதும் அந்த அக்டோபர்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது 180 பதிவோடு அதே ஐந்து மாதம்: 108, 89, 119, 112, 90. ஒரு மாதமும் வழியவில்லை. ஆகஸ்டில் ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம். 190 ஆக்கினால் ஆகஸ்டில் ஐந்து பேர் நிற்பார்கள். 200 ஆக்கினால் ஆகஸ்டில் 11 பேர், செப்டம்பரில் நான்கு பேர். ஒரு தாளில் பத்து நிமிடம் போட்டுப் பார்க்கிற கணக்கு இது.

180 எங்கிருந்து வந்தது? 120 நாற்காலியில் எட்டை முதலிலேயே கழித்துவிட்டேன், அது பதியாமல் வருகிறவர்களுக்கு. மிச்சம் 112. உங்கள் வரலாற்றிலேயே அதிகம் ஆகஸ்டின் 62 சதவீதம். 112-ஐ 0.62-ஆல் வகுத்தால் 180. நண்பர் வகுத்தது சராசரியால், நான் வகுத்தது உச்சத்தால்.

இந்த உச்சத்தையும் எட்டவே முடியாத கூரை என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்து நிகழ்ச்சி நடந்திருக்கிறது, ஆறாவது வரப்போகிறது. ஆறும் ஒரே மாதிரி நிகழ்ச்சி என்றால் அவற்றில் எது வேண்டுமானாலும் உச்சமாக இருக்கலாம். ஆக, நவம்பர் ஆகஸ்டை மிஞ்ச ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 180 பேரைப் பதிந்தாலும் அரங்கு வழியும் ஆபத்து அந்த அளவுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆபத்து உங்களுக்குச் சம்மதமா என்பதை நான் சொல்ல முடியாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைப் பேசுங்கள்: வந்த ஒருவரை இடமில்லை என்று திருப்பி அனுப்புவது எத்தனை காலி நாற்காலிக்குச் சமமான நஷ்டம்? ஐந்து நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒருவரைப் பதியும்போது, அவர் வந்து இடமும் இருந்தால் உங்களுக்கு ஒரு பங்கு லாபம், வந்து இடமில்லை என்றால் ஐந்து பங்கு நஷ்டம். அரங்கு நிறைந்துவிடும் வாய்ப்பு ஆறில் ஒன்று ஆகும்போது இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஐந்து மாத உச்சத்தால் வகுப்பதும் உங்களை ஏறக்குறைய அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. இல்லை, ஒருவரைத் திருப்பி அனுப்புவது பத்து நாற்காலிக்குச் சமம் என்று தோன்றினால் 180-லிருந்தும் கொஞ்சம் குறையுங்கள். பக்கத்தில் ஒரு அறை இருக்கிறது, ஒலிபெருக்கியை இழுத்துவிடலாம், பிளாஸ்டிக் நாற்காலி போடலாம் என்றால் திருப்பி அனுப்பவே வேண்டியிருக்காது. அப்போது 190, 200 என்று போகலாம். நடைபாதையில் நாற்காலி போட்டு அதையும் இடக்கணக்கில் சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

இந்த ஐந்துக்கு ஒன்று எனக்குத் தெரிந்தது பட்ட பிறகுதான். சில வருடம் முன்னால் 150 பேர் உட்காரும் அரங்கில் ஓர் இலவசக் கருத்தரங்கு. வழக்கமாகப் பாதிதான் வருவார்கள் என்று 270 பேரைப் பதிந்துவைத்தேன். அதில் 45 பேர் ஒரே கல்லூரி மாணவர்கள். அவர்களிலும் பாதிதான் வருவார்கள் என்பது என் கணக்கு. கல்லூரிப் பேருந்து வந்து நின்றது, 45 பேரும் இறங்கினார்கள். மொத்தம் 180 பேர். முப்பது பேர் படிக்கட்டிலும் வாசலிலும். அவர்களில் ஒரு பெரியவர், இரண்டு பஸ் மாறி வந்தவர், பதிவு உறுதியான மின்னஞ்சலை அச்செடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்துப் பிரித்து நீட்டினார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கு நான் செய்த தப்பு இலவச நிகழ்ச்சி நடத்துகிற எல்லோரும் செய்வதுதான். வருவதும் வராததும் அவரவர் தனியாகச் சுண்டிப் பார்க்கிற காசு என்று நினைக்கிறோம். அப்படி இருந்தால் 180 பேரில் எத்தனை பேர் வருவார்கள் என்பது பெரும்பாலும் 81-க்கும் 108-க்கும் நடுவில் அடங்கிவிடும், 112-ஐத் தாண்டுவது அபூர்வம். நிஜத்தில் அப்படி அடங்காது. ஒரே மழை திருச்சி முழுக்கப் பெய்கிறது, ஒரே முகூர்த்த நாள் எல்லார் வீட்டுக்கும் வருகிறது, ஒரே கிரிக்கெட் மேட்ச்சை எல்லோரும் பார்க்கிறார்கள். வந்தால் சேர்ந்து வருவார்கள், வராவிட்டால் சேர்ந்தே வரமாட்டார்கள். அதனால் இணையத்தில் கிடைக்கிற நிகழ்தகவுக் கணிப்பானில் 52 சதவீதத்தைப் போட்டு வருகிற விடையை நம்பாதீர்கள், அது அளவுக்கு மீறித் தைரியம் கொடுக்கும். உங்கள் மாதங்களுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கம்தான் நம்பத் தகுந்தது. பள்ளி, கல்லூரி, குடியிருப்போர் சங்கம் என்று யாராவது கூட்டமாகப் பதிந்தால் அவர்களைப் பட்டியலிலிருந்து தனியே எடுத்து, முழுசாக வருவார்கள் என்றே வைத்து, நாற்காலியில் அத்தனையையும் கழித்துவிடுங்கள். அவர்கள் வரவில்லை என்றால் மிச்சப்படும் இடம் காத்திருப்போருக்கு.

காத்திருப்போர் விஷயத்துக்கு வருவோம். 181-ஆவது ஆளிலிருந்து எல்லோருக்கும் ரயில் ஆர்.ஏ.சி. மாதிரி ஒன்று கொடுங்கள் என்பேன். ஆனால் ஆர்.ஏ.சி.யில் உட்கார இடமாவது உறுதி, இங்கே அதுவும் கிடையாது. ஆகவே செய்தியை ஒளிவுமறைவில்லாமல் எழுத வேண்டும்: "பதிவு நிறைந்துவிட்டது. 10 மணிக்கு நிகழ்ச்சி. 9.50-க்கு மேல் காலியாக இருக்கும் நாற்காலிகளை வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்போம். உறுதி இல்லை." பதிந்த 180 பேருக்கும் 9.50 வரைதான் இடம் காத்திருக்கும் என்று சொல்லிவிடுங்கள். இதைப் படித்துவிட்டு வருகிறவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். இடம் கிடைக்காவிட்டாலும் பெரிய வருத்தம் இருக்காது. முசிறியிலிருந்து வருகிறவர் யோசித்து நின்றுவிடுவார். காலி நாற்காலியை நிரப்ப 240 பேருக்கு உறுதி கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வியாழக்கிழமை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். வர முடியாதவர்கள் 'இல்லை' என்று பதில் போடட்டும். இருபது பேர் இல்லை என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். உடனே கை பரபரக்கும்: இருபது இடம் காலி, இருபது புதியவர்களை உள்ளே எடுக்கலாம். எடுக்காதீர்கள். அந்த இருபது பேரில் பெரும்பாலோர் எப்படியும் வராதவர்கள்தான். முன்பு சொல்லாமல் நின்றார்கள், இப்போது சொல்லிவிட்டு நிற்கிறார்கள். உங்கள் 62 சதவீதம் என்பது அவர்களையும் உள்ளடக்கிய பட்டியலுக்கு உரியது. மீதி 160 பேரிலிருந்தே கிட்டத்தட்ட அதே 111 பேர் வந்துவிடலாம். அதன் மேல் வியாழக்கிழமை பதிந்த புதிய இருபது பேரைச் சேர்த்தால், அவர்களில் பாதிக்கு மேல் வருவார்கள், ஏனென்றால் மூன்று நாளில் யாருக்கும் அவ்வளவாக மனசு மாறாது. வராதவர்களை இரண்டு தடவை கழித்ததாக ஆகிவிடும். நினைவூட்டல் அனுப்பும் நிகழ்ச்சிகளில் அரங்கு வழிவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். அதோடு நினைவூட்டலே வருகையைக் கொஞ்சம் உயர்த்தும், மறந்துபோனவர்களை எழுப்பிவிடுவதால். இது வரை நீங்கள் அனுப்பியதில்லை என்றால் நவம்பரில் 180-க்கு மேல் நகராமல் இருக்க இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

பதிவை எப்போது திறப்பது? ஜூலையையும் ஆகஸ்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் முன்பு திறந்தபோது 45 சதவீதம், ஒரு வாரம் முன்பு திறந்தபோது 62. இரண்டு மாதத்தை வைத்துச் சட்டம் போட முடியாதுதான். ஆனால் வேறு இடங்களிலும் இதையே பார்த்திருக்கிறேன்: ஆரம்பத்தில் பதிகிறவர் ஆசையில் பதிகிறார், கடைசி வாரத்தில் பதிகிறவர் ஞாயிறன்று என்ன வேலை என்று தெரிந்து பதிகிறார். உங்கள் பட்டியலிலேயே இதைச் சோதிக்கலாம். கூகுள் ஃபார்மின் முதல் பத்தியில் Timestamp இருக்கும். டிக் அடித்தவர்களுக்கு G பத்தியில் Y போட்டிருந்தால், நிகழ்ச்சிக்கு ஒரு வாரத்துக்கு முன்பே பதிந்தவர்களில் எத்தனை பங்கு வந்தார்கள் என்பதை ஒரு வரியில் எடுத்துவிடலாம். அக்டோபர் 12 நிகழ்ச்சி என்றால் இப்படி:

```
=COUNTIFS(A:A,"<"&DATE(2025,10,5),G:G,"Y")/COUNTIF(A:A,"<"&DATE(2025,10,5))
```

இரண்டு இடத்திலும் < குறியை >= ஆக்கினால் கடைசி வாரக்காரர்களின் பங்கு வரும். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் தெரிந்தால் நவம்பரில் பத்து நாளைக்கு முன்பு மட்டும் திறங்கள். பதிவு மெதுவாக நிறைகிறதே என்று கவலைப்பட வேண்டாம். இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் ஒரே தொலைபேசி எண்ணில் இரண்டு முறை பதிந்தவர்களை நீக்கிவிடுங்கள். 130 என்று நீங்கள் நினைத்தது 121 ஆகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் உங்கள் வருகை விகிதம் நீங்கள் நினைத்ததைவிட அதிகம், ஆகஸ்டிலும் அப்படி என்றால் 180 என்பதும் இறங்க வேண்டும்.

நவம்பரில் மழை வரும், கூட்டம் குறையும், எனவே கூடப் பதியலாம் என்று யாராவது சொல்வார்கள். மழை வந்தால் குறையும், சரி. வராவிட்டால்? பதிவைத் திறக்கும் நாளில் அன்றைய வானிலை தெரியாது. மழையை நம்பிப் பதிந்துவிட்டால் வெயில் அடிப்பதே பிரச்சினையாகிவிடும்.

இந்தக் கணக்கு எப்போது செல்லாது என்றும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் இலவச நாற்று தருகிறோம் என்று அறிவித்தாலோ, நாலு பேருக்குத் தெரிந்த ஒருவரைப் பேச அழைத்தாலோ பழைய 62 சதவீதத்தை மறந்துவிடுங்கள், வருகை அதைத் தாண்டும். சிலர் நூறு ரூபாய் வாங்கி வாசலில் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பணம் கட்டியவரைத் திருப்பி அனுப்புவது ஐந்து நாற்காலிக் கணக்கில் அடங்காது, அங்கே கூடுதல் பதிவே எடுக்காமல் தொடங்க வேண்டும். உங்கள் பயிற்சிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நூறு ரூபாயை யோசிக்கிற வீட்டுக்காரர்களும் மாடியில் கத்தரி போடுகிறார்கள்.

கடைசியாகச் சாப்பாடு. மிஞ்சிய 40 பொட்டலம்தான் உங்களை எழுத வைத்தது என்று நினைக்கிறேன். நாற்காலிக்குப் போட்ட கணக்கைச் சாப்பாட்டுக்குப் போடக் கூடாது. நாற்காலிக்கு உச்சத்தைப் பார்த்தோம், ஏனென்றால் நாற்காலியைக் கடைசி நேரத்தில் வரவழைக்க முடியாது. சாப்பாட்டை முடியும். எனவே மோசமான மாதத்தைப் பார்த்து ஆர்டர் கொடுங்கள். 180 பதிவுக்கு மழை நாளில் 90 பேர் வருவார்கள், உங்கள் ஐந்து பேரையும் சேர்த்தால் 95. சனிக்கிழமை மாலை சமையல்காரரிடம் 95 என்று உறுதி சொல்லுங்கள். நல்ல கூட்டம் என்றால் 124 வரை போகும், ஆக முப்பது வரை குறையலாம். அந்த முப்பதுக்குப் பக்கத்து மெஸ்ஸில் முன்கூட்டியே பேசிவையுங்கள்: 10.30-க்கு போன் செய்வோம், 12.30-க்குத் தக்காளி சாதமோ தயிர் சாதமோ வேண்டும், எண்ணிக்கையை அப்போது சொல்வோம் என்று. விலை பொட்டலத்துக்குப் பத்து ரூபாய் கூட இருந்தாலும் நாற்பது பொட்டலத்தைக் கொட்டுவதைவிடக் குறைவுதான். விதைப் பாக்கெட்டை 120-ஆகவே போட்டுவையுங்கள், மிஞ்சியது டிசம்பருக்கு ஆகும்.

10.30-க்கு ஒருவர் பின்வரிசையில் நின்று தலையை எண்ண வேண்டும். டிக் அடித்த பட்டியலை வைத்துச் சொல்லக் கூடாது, பதியாமல் வந்தவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அந்த எண்ணைப் பதிவுப் பட்டியலின் கீழேயே எழுதிவையுங்கள். டிசம்பருக்கு ஆறு மாதம் கையில் இருக்கும், அப்போது இந்த 180-ஐ மறுபடி போட வேண்டும்.